தீபாவளிக் கூட்டத்தை வளர்ச்சி என்று எண்ணி ஏமாந்த கதை

சுங்கை சிப்புட்டில் நான் சலூன் வைத்து இது ஆறாவது வருடம். போன தீபாவளி மாதம் கல்லாவில் 15,950 வெள்ளி விழுந்தது. அதற்கு முந்தின மாதம் 9,000தான். கடை வளர்ந்துவிட்டது என்று நம்பி மூன்றாவது நாற்காலிக்கு விலை விசாரித்தேன், வேலைக்கு இன்னொரு பெண்ணையும் பேசி வைத்தேன். நல்லவேளை, முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் 6,900 வெள்ளிக்கு இறங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் 555 நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். முதலில் ஒரு வருகைக்குச் சராசரி பில். மொத்தத் தொகையை வருகை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவும் இரண்டு மகள்களும் வந்து ஒரே பில்லாகக் கட்டினாலும் அது மூன்று வருகை. தீபாவளிக்கு முந்தின மாதம் 180 வருகை, சராசரி 50 வெள்ளி. தீபாவளி மாதம் 290 வருகை, சராசரி 55. ஏறியிருக்கிறதே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மாதம் 800 வெள்ளி வீதம் நான்கு மணப்பெண் அலங்காரம் செய்திருந்தேன், முந்தின மாதம் ஒன்றுகூட இல்லை. அந்த 3,200 வெள்ளியைக் கழித்தால் மிச்சம் 286 வருகைக்கு 12,750. சராசரி ஏறக்குறைய 44 வெள்ளி 60 காசு. ஏறவே இல்லை, 50இலிருந்து இறங்கியிருக்கிறது! கூட்ட நெரிசலில் புருவம் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். முடி காய்ந்து கிடக்கிறதே, ஒரு ஸ்பா செய்யலாமா என்று கேட்கக்கூட எங்களுக்கு நேரமில்லை.

இன்னொரு எண், மறுபதிவு. வந்தவர் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிட்டுப் போகிறாரா என்பது. முந்தின மாதம் 180இல் 54 பேர் குறித்தார்கள், அதாவது 30 விழுக்காடு. தீபாவளி மாதம் அலங்காரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் 286இல் 29 பேர்தான். 10 விழுக்காடு. மணப்பெண் அலங்காரத்துக்கு யாரும் அடுத்த மாதம் திரும்பி வரப் போவதில்லை, அதனால் அதை இரண்டு கணக்கிலும் சேர்க்கக் கூடாது. கடை நிறைந்து வழிந்த அந்த மாதத்தில்தான் அடுத்த மாதத்துக்கு ஆளே சேரவில்லை என்று நோட்டு சொல்லிவிட்டது. நான்தான் பார்க்கவில்லை.

தோட்டத்து ஊரில் யார் தேதி குறிப்பார்கள், நினைத்த நேரத்தில் வருவார்கள் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும், நம் ஆட்கள் சலூனுக்கு வருவதும் அதையொட்டித்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், சாயம் போட்டவருக்கு நான்கைந்து வாரத்தில் வேரில் வெள்ளை தெரியத் தொடங்கும். இந்த இரண்டையும் சேர்த்துதான் இப்போது கேட்கிறோம். அதுவும் கல்லாவில் காசு கட்டும்போது இல்லை, அவர் இன்னும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே. "அக்கா, இந்த வகிட்டுப் பக்கம் அடுத்த மாசம் வெள்ளை தெரிய ஆரம்பிச்சிடும். சம்பளம் வந்ததும் வர்ற சனிக்கிழமை, பத்து மணிக்கு எழுதிக்கட்டுமா?" என்று என்னோடு இருக்கும் தங்கச்சி கேட்பாள். முக்கால்வாசி அக்காமார் அந்தக் கண்ணாடியிலேயே வகிட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி எழுதிக்கோ என்பார்கள். "அடுத்து எப்ப வர்றீங்க?" என்று பொதுவாகக் கேட்ட காலத்தில் "பார்ப்போம்மா" என்ற பதில்தான் வரும்.

போன மாதம் 190 வருகை, 10,070 வெள்ளி, சராசரி 53. தேதி குறித்தவர்கள் 76 பேர், 40 விழுக்காடு. மொத்தத்தில் தீபாவளி மாதத்தின் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் இதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.

இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. முகத்துக்காகத் தேதி கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் உண்டு, அதனால் குறித்த பெயருக்குப் பக்கத்தில் வந்தாரா இல்லையா என்று கோடு போட வேண்டும். என் 76இல் 61 பேர் சொன்ன வாரத்தில் வந்தார்கள். அப்புறம் விலையை ஏற்றினால் சராசரி பில் அந்த மாதமே ஏறிவிடும், கடை நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். அதே மாதம் மறுபதிவு இறங்கினால் ஆட்கள் கழன்றுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றை மட்டும் பார்த்தால் இது தெரியாது, அதனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறேன்.

மூன்றாவது நாற்காலியை இன்னும் வாங்கவில்லை. தொடர்ந்து மூன்று மாதம் மறுபதிவு 40க்குக் கீழே போகாமலும், அலங்காரம் சேர்க்காத சராசரி 50க்குக் குறையாமலும் இருந்தால் வாங்குவேன். இது இரண்டாவது மாதம்.