மயில்தோகை ஏற்றிய வண்டி

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் தொண்டை சரியாக இருக்காது. தண்டையார்பேட்டைப் பக்கம் தமிழ் நடத்துகிறேன். ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவம், பொங்கல் லீவு முடிந்ததும் பிடிக்கிற ஓட்டத்தை ஆண்டுத் தேர்வில்தான் நிறுத்தும். இந்த நேரம் பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்தோடு "இடுக்கண் வருங்கால் நகுக" வந்து விழும். வள்ளுவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அனுப்புகிறவர்கள் மேல் கொஞ்சம் உண்டு.

போன வாரம் எங்கள் கணக்கு மிஸ் அழுதுவிட்டார். சிவப்புப் பேனாவைக் காணோம், அவ்வளவுதான் காரணம். இருபது வருட சர்வீஸ் ஆனவர், அதட்டினால் மூன்றாவது வகுப்பறை வரை அடங்கும். பேனாவுக்கா அழுவார்? அன்று காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று கேட்டேன். வருகைப் பதிவு, மாணவர் விவரம் ஏற்ற முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்த எமிஸ் செயலி, நாலு நாளாக வராத இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு போன், லீவு போட்ட டீச்சருக்குப் பதிலாக ஒரு பீரியடு, மதிப்பெண் பட்டியலில் இடிக்கிற கூட்டுத்தொகை, மேசையில் 43 விடைத்தாள். விடைத்தாளை விட்டால் எதுவும் பத்து, இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. அதனால்தான் வெளியே சொல்லவும் முடிவதில்லை. "இதுக்கா?" என்று கேட்டுவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த சார் ஆறுதலாக, "எறும்பு ஊரக் கல்லும் தேயும் மிஸ், விடாம போங்க" என்றார். மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கல்லே நான்தான் சார்" என்றார்.

பழமொழி ஒன்றுதான். எறும்புக்குச் சொன்னால் ஊக்கம், கல்லுக்குச் சொன்னால் குத்தல். விடாமுயற்சியைப் பற்றிய நம் பழமொழிகள் பலவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஜூன் மாதத்தில் இனிக்கும், ஏப்ரலில் கசக்கும்.

எனக்கு அன்று நினைவுக்கு வந்தது வலியறிதல் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறள்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

பீலி என்றால் மயில்தோகை, சாகாடு என்றால் வண்டி. தோகைதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனுக்குச் சொன்னது என்று பரிமேலழகர் உரை செய்கிறார். அவர் 'சாகாடும்' என்பதில் உள்ள 'உம்'மில் நிற்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வண்டியின் வலிமை, தோகையின் நொய்மை இரண்டையும் அந்த ஒரு 'உம்'முக்குள் காட்டுகிறார். வண்டி சொத்தை என்று குறள் சொல்லவில்லை. நல்ல வண்டிதான், ஆனாலும் முறியும். களைத்தவருக்கு முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். சிரி என்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் தாங்கு என்றும் சொல்லவில்லை.

இதையே ஒருமுறை எட்டாம் வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். "மிஸ், அச்சு உடைஞ்சா கடைசியா ஏத்துன மூட்டையத்தான் எல்லாரும் திட்டுவாங்க." பரீட்சையில் அவன் வாங்கியது பன்னிரண்டு மார்க். ஆனால் அந்தக் குறளுக்கு அதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை. சிவப்புப் பேனா, கடைசி மூட்டை.

குறளைச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் நானும் இன்னொரு சூரிய உதயப் படம்தான். மதிப்பெண் பட்டியலை என் பக்கம் இழுத்துக் கூட்டினேன். ஒரு பையனின் 57ஐ 75 என்று எழுதியிருந்தார், இடித்தது அங்கேதான். களைப்பு பெரும்பாலும் இப்படித்தான் முதலில் எட்டிப்பார்க்கும், இலக்கம் இடம் மாறும், கூப்பிட்ட பிள்ளையின் பெயர் மாறும். அப்போதே இறக்கிவைத்தால் பேனாவுக்கு அழ வேண்டி வராது.

அப்புறம் மூதுரையில் ஒன்று உண்டு, "உருவத்தால் நீண்ட உயர்மரங்கள் எல்லாம் பருவத்தால் அன்றிப் பழா". வருடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தும் வகுத்தல் வராத பிள்ளையை நினைத்து ராத்திரி தூங்காத டீச்சருக்கு மட்டும் இதைச் சொல்லலாம். ஜூலையில் சொன்னால் சாக்கு. இந்தச் செய்யுளை நான் ஏப்ரல் தாண்டி வெளியே விடுவதில்லை.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, வலை பின்னுவார்கள். நேற்று வீட்டுக்குப் போகும் வழியில் கணக்கு மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "நமக்கு அப்பவும் விடைத்தாள் திருத்த ஆர்டர் வரும் மிஸ்" என்று சிரித்தார். அவருடைய பையில் புது சிவப்புப் பேனா இரண்டு இருந்தன. ஒன்றை எனக்குக் கொடுத்தார், பட்டியல் கூட்டியதற்காம்.