சோறும் பருப்பும்: அம்மாவின் கணக்கு

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் சைவம். மீனும் முட்டையும் இல்லாத நாட்களில் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்: "சோறும் பருப்பும் சேர்த்தால் முழுப் புரதம் எண்டு சொல்லினம் தானே." சொல்வது சரி. ஆனால் நாளுக்கு வேண்டிய புரதத்தில் பாதிதான் எங்கள் சாப்பாட்டில் இருக்கிறது என்பது என் கவலை.

அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பது லைசின் என்னும் அமினோ அமிலம். ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் வேண்டும், அரிசியில் சுமார் 36 தான். மைசூர்ப் பருப்பில் அது 70 அளவில் இருக்கிறது. பருப்பில் மெதியோனின் போன்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் மட்டுமட்டு, அதை அரிசி ஈடுகட்டுகிறது. 100 கிராம் அரிசிக்கு ஒரு சிறங்கைப் பருப்பு, 10 கிராம் சொச்சம் போட்டாலே லைசின் குறை தீர்ந்துவிடும். அவ்வளவு சுலபம் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம். சேர்ப்பதால் புரதத்தின் தரம் கூடுகிறது. அளவு, போட்ட அளவுதான்.

ஒருநாள் சமைக்க முன்னமே தராசில் நிறுத்துப் பார்த்தேன். நாலு பேருக்கு 80 கிராம் பருப்பு, அம்மாவின் பங்கு 20 கிராம். தேங்காய்ப்பால் விட்டு இறக்கியபோது சட்டி நிறைந்துதான் இருந்தது. 100 கிராம் பருப்பில் 24 கிராம் புரதம் என்பது உலர்ந்த பருப்புக்கான கணக்கு. வெந்த கறியை நிறுத்து அந்த எண்ணால் பெருக்கினால் இல்லாத புரதம் தாளில் ஏறிவிடும்.

மதியம்: அரிசி 100 கிராமில் 7, பருப்பில் 5, மொத்தம் 12 கிராம். காலை இடியப்பம், இரவு பிட்டு, ஒவ்வொன்றிலும் அரிசிமா 75 கிராம் என்று வைத்தால் வேளைக்கு 5. ஆக நாளுக்கு 22. அம்மா 50 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்று பார்த்தால் தேவை 41 சொச்சம். பாதிதான்! இன்னொன்று, மதியத் தட்டில் நிறைந்த லைசின், மூன்று வேளையையும் கூட்டினால் ஒரு கிராம் புரதத்துக்கு 43 மில்லிகிராமாக, வேண்டிய 45க்குக் கீழே இறங்குகிறது. மற்ற இரண்டு வேளையும் வெறும் அரிசிதானே. அரிசியும் பருப்பும் ஒரே தட்டில் இருக்கவேண்டும் என்றில்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும். அதனால் கூட்டிப் பார்க்கவேண்டியது நாள் முழுவதையும்.

இப்போது அம்மாவின் பங்குப் பருப்பு 40 கிராம், கறியும் தடிப்பாக. பின்னேரம் 40 கிராம் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுக்கிறேன், அதில் 9 கிராமுக்கு மேல். இரவு ஒரு கோப்பை பால், 6 கிராம். எல்லாம் கூட்ட 42 வரை வருகிறது. தானியப் புரதத்தில் கொஞ்சம் செரிக்காமல் போகும் என்பதால் இதையும் நான் மட்டுமட்டு என்றே சொல்வேன். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தொடாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

"பயறு திண்டால் வயிறு ஊதுது" என்றா அம்மா முதல் மூன்று நாள். ராவே ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு அவித்த பிறகு அந்தப் பேச்சு இல்லை.