தோல் உரிந்தால் காளானைச் சமைக்கலாமா?

மழை தொடங்கிவிட்டது. தெஹிவளைப் பக்கம் வீட்டுப் புல்வெளிகளில் குடை குடையாக வெள்ளைக் காளான் முளைத்திருப்பதைப் பார்க்கிறேன். போன வருசம் இதே நேரத்தில் எங்கள் மாமி அதில் ஏழெட்டைப் பிடுங்கிப் பிரட்டல் வைத்தார். "வெள்ளைதானே, தோலும் லேசா உரியுது, உள்ளி போட்டு அவிச்சனான், கறுக்கேல்லை" என்றார். அவருக்கு மூன்று சோதனையும் சரி. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடித்தன. இரவு முழுக்க வைத்தியசாலையில் சேலைன் ஏறியது.

தோல் உரிவது காளானின் மேல்தோல் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உலகில் அதிகம் பேரைக் கொன்ற காளானான அமனிட்டா ஃபலாய்டீஸின் தோலும் அழகாக உரியும். அதன் நஞ்சு அவித்தாலும் காய வைத்தாலும் போகாது. நஞ்சுக் காளான் உள்ளியையும் வெள்ளிக் கரண்டியையும் கறுக்க வைக்கும் என்ற கதையும் அப்படித்தான். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகச் சேர்மங்கள். முட்டை பட்டாலும் வெள்ளிக் கரண்டி கறுக்கும், அதற்காக முட்டை நஞ்சாகிவிடுமா?

மாமி பிடுங்கியது பெரும்பாலும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டீஸ். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் சாதாரணமாக முளைப்பது. வெள்ளைத் தொப்பியில் மண்ணிறச் செதில், காம்பில் ஒரு வளையம். இளசில் அடிப்பக்க மடிப்புகளும் வெள்ளைதான், முற்றிய பிறகுதான் பச்சை படரும். ஊரில் நாங்கள் சாப்பிட்ட புற்றுக்காளானின் காம்பு வேர்போல நீண்டு, மண்ணுக்குள் கறையான் கூடு வரை போகும். மாமியின் கையில் வந்ததோ அடி லேசாகப் பருத்து, ஒரு இழுப்பில் கழன்று வந்தது. அடுத்த நாள் புல்வெளியில் பிடுங்காமல் மிச்சமிருந்த ஒன்றின் காம்பை வெட்டி, தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கோப்பையால் மூடி வைத்தேன். காலையில் தாளில் பச்சைப் பொடி. பச்சை என்றால் கட்டாயம் தொடக்கூடாது. ஆனால் பச்சை வராவிட்டால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அமனிட்டா ஃபலாய்டீஸின் பொடி வெள்ளை.

வைத்தியர் முதலில் கேட்டது, சாப்பிட்டு எத்தனை மணித்தியாலத்தில் வாந்தி தொடங்கியது என்று. எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் வயிற்றோடு போகும். ஆறு மணித்தியாலம் தாண்டித் தொடங்கினால்தான் ஈரலைப் பற்றிப் பயப்பட வேண்டும். அதிலும் இடையில் ஒரு நாள் சுகமானதுபோல இருக்கும், அந்த நேரத்தில் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டது என்று நோயாளியை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

யாராவது சாப்பிட்டுவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மிச்சக் காளானைப் பொலித்தீனில் இல்லாமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பொலித்தீனில் அழுகிவிடும். எங்கள் வீட்டில் மாமி சட்டியைக் கழுவிவிட்டிருந்தார், காட்டுவதற்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை.