ரசீதைப் பூட்டிவிட்டு சிவிவியைத் திறந்து வைக்கும் செயலிகள்

பணம் அனுப்பி முடித்ததும் வரும் ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனால், பாதுகாப்புக் காரணங்களுக்காக எடுக்க முடியாது என்று போன் சொல்லும். அதே செயலியில் "கார்டு விவரம்" என்பதைத் தொட்டால் கீழிருந்து ஒரு சின்னத் தாள் மேலேறும். அதில் பதினாறு இலக்க எண், காலாவதித் தேதி, சிவிவி எல்லாம் இருக்கும். திரையைப் பகிர்ந்துகொண்டே அதைத் திறந்தால், பின்னால் உள்ள பக்கம் கறுப்பாக இருக்க, அந்தத் தாள் மட்டும் எதிர்முனைக்குப் பளிச்சென்று தெரியும். ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. இந்தக் கோலத்தை ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் பார்த்துவிட்டேன். மறைக்கத் தேவையில்லாததை மறைத்து, மறைக்க வேண்டியதைத் திறந்து போடுவது ஏன் நடக்கிறது என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டில் இதற்கான கொடி FLAG_SECURE. முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. எழுத வேண்டியது ஒரே வரி:

```kotlin
window.addFlags(WindowManager.LayoutParams.FLAG_SECURE)
```

இந்த விண்டோவில் இருப்பது ரகசியம் என்று சிஸ்டத்திடம் சொல்கிறோம், அவ்வளவுதான். அதன் பிறகு ஸ்கிரீன்ஷாட்டிலும் திரைப் பதிவிலும் அது வராது. வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்தாலும், சாதாரணமாக டிவியில் காட்டினாலும் கறுப்பாகத்தான் இருக்கும். ரீசன்ட்ஸ் திரையில் வரிசையாக நிற்கும் அட்டைகளிலும் வெறுமையாகத் தெரியும். ஒரே வரியில் இத்தனை வேலையும் முடிவதால் பல குழுக்கள் இதை எல்லாத் திரைகளுக்கும் தாயான ஆக்டிவிட்டியில் போட்டுவிட்டு, பாதுகாப்புப் பட்டியலில் டிக் அடித்துவிடுகின்றன. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்கிரீன்ஷாட்டைத் தடுப்பதும் ரீசன்ட்ஸில் மறைப்பதும் வேறு வேறு தேவைகள். நாம் செயலியை விட்டு வெளியே போகும்போது சிஸ்டம் தானாகவே அந்தத் திரையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரீசன்ட்ஸில் தெரிவது அந்தப் படம்தான். அது நினைவகத்தோடு போய்விடுவதில்லை. /data/system_ce/0/snapshots என்ற அடைவில் கோப்பாகவும் எழுதப்படுகிறது. ரூட் இல்லாமல் யாரும் அங்கே போக முடியாது என்பது உண்மை. ஆனால் காலையில் பார்த்த கணக்கு இருப்பு, மாலையில் வேறு செயலிக்கு மாறும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவதற்கு ரூட் எதுவும் தேவையில்லை. இங்கே பயனர் எதையும் சேமிக்கவில்லை. தனக்குத் தெரியாமல் பிடிக்கப்பட்ட படம் அது. ஸ்கிரீன்ஷாட் அப்படியில்லை, அவரே விரும்பி எடுப்பது. இரண்டையும் ஒரே கதவால் பூட்டக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஆண்ட்ராய்டு 13-லிருந்து இதற்குத் தனி வழி இருக்கிறது. ஆக்டிவிட்டியில் setRecentsScreenshotEnabled(false) என்று அழைத்தால் ரீசன்ட்ஸுக்கான படம் மட்டும் பிடிக்கப்படாது, பயனர் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் வழக்கம்போல் வேலை செய்யும். கணக்கு இருப்பு, பரிவர்த்தனைப் பட்டியல் போன்ற திரைகளுக்கு இதுதான் பொருத்தம். ஒரு வரம்பு உண்டு. விரலை மேலே இழுத்து ரீசன்ட்ஸுக்குப் போகும் அந்த ஓரிரு நொடிகளில் தெரிவது ஓடிக்கொண்டிருக்கும் செயலியே, அதை இது மறைக்காது. பழைய பதிப்புகளுக்காகச் சிலர் onPause-இல் கொடியைப் போட்டு onResume-இல் எடுக்கிறார்கள். சிஸ்டம் படம் பிடிப்பதும் இந்தக் கொடி விழுவதும் முந்திக்கொண்டு ஓடுவதால், ஒரு போனில் மறையும், இன்னொன்றில் மறையாது. அதை நம்பி ரகசியத்தை வைக்காதீர்கள்.

சரி, செயலி முழுக்கப் போடாமல் தேவையான திரையில் மட்டும் போடலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அடுத்த குழி இங்கே காத்திருக்கிறது. கொடி ஒட்டுவது விண்டோவில், திரையில் அல்ல. இப்போதைய செயலிகளில் பெரும்பாலும் ஒரே ஆக்டிவிட்டி, அதற்குள் ஃப்ராக்மென்ட்களோ கம்போஸ் திரைகளோ மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றுக்கும் விண்டோ ஒன்றுதான்.

நான் சோதித்த ஒரு செயலியில் கார்டு விவரம், அதிலிருந்து பின் எண் மாற்றுவது என்று இரண்டு ரகசியத் திரைகள். இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: திரை உருவாகும்போது கொடியைப் போடு, அழியும்போது எடு. படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. கார்டு திரையைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மறுக்கிறது. பின் எண் திரையை முகப்பிலிருந்து நேராகத் திறந்தாலும் மறுக்கிறது. கார்டு திரையிலிருந்து பின் எண் திரைக்குப் போனால் மட்டும் படம் விழுகிறது! காரணம் வரிசை. மாறும்போது அசைவு ஓடுவதால், புதிய திரை முதலில் உருவாகிறது, பழையது அசைவு முடிந்த பிறகே அழிகிறது. பின் எண் திரை கொடியைப் போடுகிறது. ஒரு கணம் கழித்து, விடைபெறும் கார்டு திரை அதே கொடியைக் கழற்றிவிடுகிறது. கம்போஸில் DisposableEffect கொண்டு எழுதினாலும் இதே கதைதான், பழைய திரையின் onDispose கடைசியாகத்தான் வரும்.

தீர்வு சின்னதுதான். யார் யாருக்குக் கொடி தேவை என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு, கடைசி ஆள் போன பிறகே எடுக்க வேண்டும்:

```kotlin
class SecureGate(private val window: Window) {
    private var holders = 0
    fun acquire() {
        if (holders++ == 0) window.addFlags(FLAG_SECURE)
    }
    fun release() {
        if (--holders == 0) window.clearFlags(FLAG_SECURE)
    }
}
```

ஒவ்வொரு ரகசியத் திரையும் வரும்போது acquire, போகும்போது release. இந்த எண்ணிக்கை ஆக்டிவிட்டியோடு சேர்ந்தே பிறந்து சாக வேண்டும். போனைத் திருப்பினால் விண்டோ புதிது, எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்க வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், ரகசியத் திரைகளை ஒரு தனி ஆக்டிவிட்டியில் வைத்து அதற்கு மட்டும் நிரந்தரமாகக் கொடி போட்டுவிடலாம். நான் அதையே பரிந்துரைப்பேன், பிழை நுழைய இடம் குறைவு.

இப்போது அந்தச் சிவிவி தாளுக்கு வருவோம். கீழிருந்து எழும் தாளும் நடுவில் தோன்றும் டயலாக்கும் பார்க்க அதே திரையின் பகுதி போலத்தான் இருக்கும். ஆனால் வழக்கமான வியூ முறையில் எழுதப்பட்ட டயலாக்குக்குத் தனி விண்டோ உண்டு. ஆக்டிவிட்டியில் போட்ட கொடி அதற்குத் தொற்றாது. அதன் சொந்த விண்டோவில் இன்னொரு முறை போட வேண்டும். கம்போஸின் Dialog நல்ல பிள்ளை, இயல்பாகவே தாய் விண்டோவின் நிலையை எடுத்துக்கொள்ளும். தாய்க்குக் கொடி இல்லாவிட்டாலும் டயலாக்குக்கு வேண்டும் என்றால் DialogProperties-இல் SecureFlagPolicy.SecureOn என்று கொடுக்கலாம்.

இது ஏன் சோதனையில் சிக்குவதில்லை? சோதிப்பவர் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பார்க்கிறார். பின்னால் கொடி போட்ட விண்டோ ஒன்று தெரிவதால் பல போன்கள் மொத்த ஸ்கிரீன்ஷாட்டையும் மறுத்துவிடுகின்றன. "தடுக்கிறது, பாஸ்" என்று எழுதிவிடுகிறார். திரைப் பதிவும் பகிர்வும் வேறு வழியில் போகின்றன. அங்கே ஒவ்வொரு விண்டோவும் தனித்தனியாக வரையப்படும், கொடி உள்ளது மட்டும் கறுப்பாகும். அதனால் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய போனை scrcpy-யில் கணினியில் காட்டியோ, போனிலேயே திரைப் பதிவை ஓட விட்டோ, செயலியின் ஒவ்வொரு டயலாக்கையும் திறந்து பாருங்கள். ரகசியத் திரைகளுக்கு இடையே எல்லாத் திசைகளிலும் போய் வாருங்கள். கறுப்பின் நடுவே ஏதாவது மிதந்தால் அதுதான் ஓட்டை.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் இந்தக் கொடி தடுப்பது படத்தை மட்டுமே. ஆக்செசிபிலிட்டி அனுமதி பெற்ற ஒரு தீய செயலி, திரையைப் படம் பிடிக்காமலேயே அதில் உள்ள எழுத்துகளை வாசித்துவிடும். 2020-இல் கூகுள் ஆதென்டிகேட்டரின் குறியீடுகளைச் செர்பரஸ் என்ற வங்கி மால்வேர் திருட முடிகிறது என்று செய்தி வந்தபோது, அது பயன்படுத்தியது இந்த வழியைத்தான். ஆண்ட்ராய்டு 14-இல் accessibilityDataSensitive என்ற பண்பு வந்திருக்கிறது. சிவிவி காட்டும் வியூவில் அதைப் போட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று தன்னை அறிவித்துக்கொண்ட சேவைகளுக்கு மட்டுமே அது தெரியும். பார்வையற்றவரின் டாக்பேக் தடையில்லாமல் வாசிக்கும். கொடி போடும் இடத்திலெல்லாம் இதையும் போடுங்கள். ரூட் செய்த போனையும், எதிரே நீட்டப்படும் இன்னொரு போனின் கேமராவையும் எதுவும் தடுக்காது.

ஐபோனில் இந்தக் கொடிக்கு நிகராக அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை. செயலி பின்னால் போகும் தருணத்தில் மேலே ஒரு திரைச்சீலை வியூவைப் போட்டு மறைக்கலாம். திரை பதிவாகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு தகவல் வரும், முன்னால் தடுக்க வழி கிடையாது.

ஆகவே எங்கே போடுவது என்ற கேள்விதான் மிச்சம். முழு கார்டு எண், சிவிவி, பின் எண், கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் காப்புக் குறியீடுகள் ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். மீட்புச் சொற்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைப்பவர்கள் நிறையப் பேர். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி வெளியிட்ட ஸ்பார்க்கேட் மால்வேர் செய்ததே, கேலரிப் படங்களில் உள்ள எழுத்தை வாசித்து அந்தச் சொற்களைத் தேடுவதுதான். திரைப் பகிர்வு மோசடிகளுக்கும் இதே பதில் பொருந்தும். எனிடெஸ்க் மூலம் யுபிஐ பணம் பறிபோவது பற்றி 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பேசிக்கொண்டே திரையைப் பார்க்கும் திருடனுக்குச் சிவிவி கறுப்பாகத் தெரிந்தால், அந்த இடத்திலாவது அவன் கை கட்டப்படுகிறது. ஓடிபி நோட்டிஃபிகேஷன் வங்கிச் செயலியின் விண்டோவில் வருவதில்லை, அதை இந்தக் கொடி தொடாது. திரைப் பகிர்வின்போது அதை மறைக்கும் வேலையை ஆண்ட்ராய்டு 15 சிஸ்டமே எடுத்துக்கொண்டது.

ரசீதுக்கு மட்டும் போடாதீர்கள். யுடிஆர் எண் உள்ள அந்தத் திரை, பணம் கொடுத்தவர் கையில் உடனே இருக்கும் சான்று. கடைக்காரருக்குக் காட்ட, வீட்டு உரிமையாளருக்கு அனுப்ப, பணம் கழிந்தும் போய்ச் சேராதபோது வங்கியில் புகார் கொடுக்க என எல்லாவற்றுக்கும் அதுதான் தேவைப்படுகிறது. அதை மறைப்பதால் எந்தத் திருடனும் நஷ்டப்படுவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் போனை வாங்கிப் படம் எடுக்கிறார்கள், அந்தப் படம் முன்பின் தெரியாத ஒருவரின் கேலரியில் தங்கிவிடுகிறது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டி, யுடிஆர், தேதி, தொகையோடு பகிர்வதற்கு ஒரு பட்டனும் வைத்து, அந்தத் திரையிலிருந்து கொடியை எடுத்துவிடுங்கள். வங்கிச் செயலிகளில் வேலை செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால், அடுத்த வெளியீட்டுக்கு முன் உங்கள் தாய் ஆக்டிவிட்டியைத் திறந்து அந்த ஒரு வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.