ஒரு பர்சன்ட்னா எத்தனை ஷேர் தம்பி?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுடன் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். திருச்சியில் 80,000 சம்பளத்தில் இருக்கிறான். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன் ஒருவர் நெல் காய வைக்கும் இயந்திரம் செய்கிறார். டிராக்டரில் இழுத்துக்கொண்டு களத்துக்கே போய்விடலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் தொழிலில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த இயந்திரத்துக்கான சாஃப்ட்வேர் எழுத அக்கா மகனைக் கூப்பிடுகிறார், அது முழுவதும் இவன் பொறுப்பு. கம்பெனியில் மூன்றாவது ஆள். சம்பளம் 50,000, கூடவே 'ஒரு பர்சன்ட்' பங்கு.

அந்த ஒரு பர்சன்ட்டைக் கேட்டதிலிருந்து அக்கா வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. "கம்பெனி நூறு கோடிக்குப் போனா ஒரு கோடிடா" என்று அத்தான் கணக்குப் போட்டுவிட்டார். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. காரணம் பிறகு சொல்கிறேன்.

போவதற்கு முன் செல்போனிலேயே கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கம்பெனி பெயரைத் தேடினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, அது பிரைவேட் லிமிடெட்தானா என்று. ஈசாப் என்பது பின்னால் ஒரு குறித்த விலை கட்டி ஷேர் வாங்கிக்கொள்ளும் உரிமையை ஊழியருக்குத் தருவது. கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் எல்எல்பியில் ஷேர் என்ற ஒன்றே இல்லை, அதனால் அங்கே ஈசாப் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இரண்டாவது, செலுத்தப்பட்ட மூலதனம். 1,11,110 ரூபாய் என்று இருந்தது. பத்து ரூபாய் முகமதிப்பு, ஆக 11,111 ஷேர்.

உட்கார்ந்ததும் அந்தக் கம்பெனிக்காரத் தம்பியிடம் கேட்டேன், "ஒரு பர்சன்ட்னா எத்தனை ஷேர் தம்பி?"

"நூறு ஷேர் அண்ணே. மொத்தம் பத்தாயிரம்."

பத்தாயிரம் என்பது அவர் கம்பெனி ஆரம்பித்த அன்று இருந்த கணக்கு. அதற்கப்புறம் ஒரு ஏஞ்சல் முதலீட்டாளர் 50 லட்சம் போட்டு, ஷேர் 4,500 ரூபாய் வீதம் 1,111 ஷேர் வாங்கியிருக்கிறார். ஊழியர்களுக்கென்று இன்னும் 1,235 ஷேர் ஒதுக்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 12,346. அதில் ஒரு பர்சன்ட் 123 ஷேர். ஏஞ்சல் கொடுத்த விலையில் பார்த்தால் இந்த 23 ஷேர் வித்தியாசமே ஒரு லட்சத்துக்கு மேல். அவர் ஏமாற்றவில்லை, நிஜமாகவே அப்படி யோசித்ததில்லை. "அட ஆமாண்ணே" என்று அங்கேயே நோட்டில் திருத்தினார். அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆஃபர் லெட்டரில் பர்சன்ட் மட்டும் எழுதியிருந்தால் நாளைக்கு எதை வைத்துப் பேசுவது? எண்ணிக்கை எழுத வேண்டும், மொத்தம் எத்தனையில் என்பதும் எழுத வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான பேச்சு. இவன் மாதம் 30,000 குறைத்து வாங்கப் போகிறான். அந்த 30,000 எங்கே போகிறது? கம்பெனியின் கணக்கிலேயே மிச்சமாகி நிற்கிறது. ஏஞ்சல் மொத்தமாகப் போட்டதை இவன் மாசாமாசம் போடுகிறான். அப்படியானால் இவனுக்கும் ஒரு ஷேர் என்ன விலை என்று கேட்டாக வேண்டும்.

முதலில் நான் நாலு வருஷத்துக்கும் சேர்த்து 14,40,000 என்றேன். அந்தத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, அவரு பணத்த மொத்தமா போட்டுட்டாரு, திருப்பிக் கேக்க முடியாது. இவரு ஆறு மாசத்துல போயிட்டா மிச்சத்தப் போடவே இல்லியே? மூணாவது வருஷம் போடுற பணத்துக்கு இன்னைக்கு வெலயா?" என்றார். நியாயம்தான். கம்பெனி வளர்ந்தால் பின்னால் போடுகிற ரூபாய்க்குக் குறைவான ஷேர்தான் வரும். அதனால் அவர்கள் அடுத்து முதலீடு திரட்ட நினைத்திருக்கும் 18 மாதத்துக்கு மட்டும் கணக்குப் போட்டோம். 30,000 வீதம் 18 மாதத்துக்கு 5,40,000. 4,500 வீதம் வகுத்தால் 120 ஷேர்.

கொடுக்கிறேன் என்பது 123. அதாவது 'பங்கு தர்றோம்' என்று சொன்ன அத்தனையும் இவன் தன் சம்பளத்தில் காசு கொடுத்து வாங்கியதுதான். சின்னக் கம்பெனியை நம்பி நிரந்தர வேலையை விட்டு வருகிறானே, அதற்கு வைத்தது மூன்றே மூன்று ஷேர்.

அதுவும் உடனே கைக்கு வராது. நாலு வருஷ வெஸ்டிங், அதாவது நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இவனுடையதாகும். முதல் ஒரு வருஷத்துக்கு ஒன்றும் கிடையாது. குறைந்தது ஒரு வருஷம் கழியாமல் எதுவும் வெஸ்ட் ஆகக் கூடாது என்று கம்பெனிச் சட்ட விதியே சொல்கிறது, அதில் பேச ஒன்றுமில்லை. 18 மாதம் முடியும்போது 123-ல் 46 ஷேர்தான் இவனுடையதாகியிருக்கும். 120 ஷேருக்கான பணத்தைக் கட்டி முடித்துவிட்டு 46-ஐக் கையில் வைத்திருப்பான். இதை நோட்டில் எழுதிக் காட்டியதும் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இன்னொரு காபி சொன்னார்.

அத்தானின் நூறு கோடிக் கனவுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா ஐந்து மா நிலம் வாரத்துக்குச் செய்தவர். களத்தில் நெல் குவிந்ததும் முதலில் அறுப்புக் கூலியை அளந்து போட்டுவிட்டுத்தான் மிச்சத்தில் பங்கு பிரிப்பார்கள். மொத்தக் குவியலைக் காட்டி யாரும் வாரம் கேட்பதில்லை. இங்கேயும் முதலில் அளக்கப்படுவது ஏஞ்சலின் பங்கு. கம்பெனியை விற்றால் அவர் போட்ட 50 லட்சத்தை அவர் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது (இதை அந்தத் தம்பியே சொன்னார், கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்). ஒரு கோடிக்கு விற்றால் இவனுடைய 123 ஷேருக்கு ஒரு லட்சம் வராது. 50 லட்சம் போக மிச்சத்தில் பிரித்தால் சுமார் 55,000 வரும். 50 லட்சத்துக்கு விற்றால் பூஜ்யம். மூன்றாவதாகச் சேருகிற ஊழியர் இந்தப் பிரிவை மாற்றச் சொல்ல முடியாது. தெரிந்துகொண்டு அதற்கேற்ப சம்பளத்தில் நெருக்கலாம், அவ்வளவுதான்.

நெருக்கினோம். சம்பளம் 60,000. அடுத்த முதலீடு வந்தால் அன்றைக்கு, வராவிட்டாலும் 18 மாதத்தில், 80,000. ஷேர் 185. இப்போது கணக்கைப் பாருங்கள். 20,000 வீதம் 18 மாதத்துக்கு இவன் போடுவது 3,60,000, அது 80 ஷேருக்குச் சமம். மிச்சம் 105 துணிந்து வந்ததற்கு. 18 மாதத்தில் வெஸ்ட் ஆவது 69, போட்டதற்குக் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. அந்தத் தம்பிக்கும் மாசம் 20,000 மிச்சம். இரண்டு பேர் முகமும் தெளிந்தது.

இப்போது என் வயிற்றைக் கலக்கிய கதை. பல வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போய் ஊருக்கு வரவேண்டியிருந்தது. வேலையை விட்ட 90 நாளுக்குள் பணம் கட்டி ஷேராக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி என்று ஈசாப் திட்டத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்திருக்கிறது. என் ஆஃபர் லெட்டரில் இருந்ததோ 'கம்பெனி விதிகளின்படி' என்ற ஒரே வரி. வெஸ்ட் ஆன ஷேர்களுக்குக் கட்ட வேண்டிய விலை கூடப் பெரிதில்லை, அதன் மேல் வந்த வரிதான் ஆளைச் சாய்த்தது. ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருந்த நேரம். 91-வது நாள் என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த வரி எப்படி வருகிறது என்று இவன் கணக்கிலேயே சொல்கிறேன். இரண்டு வருஷம் கழித்து விலகுகிறான், 92 ஷேர் வெஸ்ட் ஆகியிருக்கிறது. ஷேருக்கு இவன் கட்டுவது பத்து ரூபாய், மொத்தம் 920. ஆனால் அன்றைய மதிப்பை மெர்ச்சண்ட் பேங்கர் 12,000 என்று சான்று கொடுத்தால், வித்தியாசமான 11,03,080 ரூபாயும் அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 80,000 சம்பளத்துக்குப் புதிய முறையில் 2025-26 விகிதப்படி வரியே இல்லை. இது சேர்ந்ததும் சுமார் இரண்டு லட்சம் வரி. ஷேரை விற்று ஒரு ரூபாய் பார்த்திருக்க மாட்டான், வாங்குவதற்கு ஆளும் இருக்காது. ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு என்று அந்தத் தம்பி சொன்னார். உண்டு. ஆனால் ஸ்டார்ட்அப் என்ற அங்கீகாரம் மட்டும் போதாது, வருமான வரி விலக்குக்கான தனிச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்திருந்தாலும் ஊழியர் வேலையை விட்டால் 14 நாளில் வரி கட்டியாக வேண்டும். விலகுகிறவனுக்கு அது உதவாது.

அதனால் 90 நாள் கெடுவை ஐந்து வருஷமாக்கக் கேட்டேன். கம்பெனி வைக்கிற கெடுதான் இது, திட்டத்தில் எப்படி எழுதுகிறார்களோ அப்படி. "போனவங்க எல்லாம் ஷேரப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா புதுசா வர்றவங்களுக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்றார் தம்பி. இதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் வந்து நின்றோம். எனக்குத் திருப்தியில்லை, அக்கா மகனுக்குச் சம்மதம். அவன் வாழ்க்கை, அவன் முடிவு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான், "மாமா, நாளைக்கே பேப்பர் போட்டுடவா?"

ஈசாப் திட்டத்துக்குப் பங்குதாரர்கள் கூட்டத்தில் இன்னும் தீர்மானமே போடவில்லை. தீர்மானம் இல்லாமல் 185 என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது வாய்வார்த்தைதான். ஏஞ்சலிடம் பேசி இரண்டு வாரத்தில் முடித்துவிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். ஷேரை ஒதுக்கித் தரும் கிராண்ட் லெட்டரில் 185, 12,346, பத்து ரூபாய், இரண்டு வருஷம் என்ற நாலு எண்ணையும் பார்த்த பிறகு பேப்பர் போடச் சொல்லியிருக்கிறேன். இன்று வரை வரவில்லை. பையன் திருச்சிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.