ரால்ஸைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். "ஏழைக்கும் ஏதோ கிடைக்கிறது என்றால் ஏற்றத்தாழ்வு நியாயம்தான், ஜான் ரால்ஸே சொல்லிவிட்டார்" என்று பேச்சாளர் சொன்னதும் அவ்வளவு கைதட்டல். அமெரிக்கத் தத்துவஞானியான ரால்ஸ் அப்படிச் சொல்லவே இல்லை.

1971-இல் வந்த 'நீதிக் கோட்பாடு' என்ற நூலில் அவர் வைத்த வேறுபாட்டுக் கொள்கை, கீழே இருப்பவருக்கு 'ஏதோ' கிடைத்ததா என்று கேட்பதில்லை. நடைமுறையில் சாத்தியமான ஏற்பாடுகளில் அவருக்கு அதிகபட்சம் கிடைப்பது இதில்தானா என்று கேட்கிறது.

கணக்காகவே பாருங்கள். எல்லோருக்கும் மாதம் 20,000 என்பது ஒரு ஏற்பாடு. இன்னொன்றில் மேலே 90,000, கீழே 23,000. மூன்றாவதில் மேலே 60,000, கீழே 28,000. பேச்சாளர் முதல் இரண்டை மட்டும் காட்டி, 3,000 கூடியிருக்கிறதே என்கிறார். மூன்றாவது நடக்கக்கூடியது என்றால் இரண்டாவது அநியாயம்தான். அந்த மூன்றாவதைத்தான் மறைத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு முறையும்.

அம்மா ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தார். ஒரு தீபாவளிக்கு போனஸைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு, "மேலே வளர்ந்தால்தானே உங்களுக்கும் வரும்" என்றாராம் மேனேஜர். முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடியே அம்மா கேட்டாராம்: "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா மில்லு நின்னுடுமா சார்?" பதில் வரவில்லை. ரால்ஸின் கேள்வியும் அதுதான்.

"திறமைசாலிக்கு அள்ளிக் கொடுக்காவிட்டால் உழைக்க மாட்டார், அப்புறம் மூன்றாவது எங்கே சாத்தியம்?" என்பீர்கள். வலுவான கேள்விதான். 1988-இல் பிரிட்டனில் நிதியமைச்சர் நைஜல் லாசன் உச்ச வருமான வரியை 60 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தபோது சொல்லப்பட்ட நியாயமும் இதுவே. அதற்குத் தத்துவஞானி ஜி. ஏ. கோஹன் கேட்டார்: இதை அந்தப் பணக்காரரே ஏழையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "நான் மனசு வைக்காததால்தான் உனக்கு இல்லை" என்றல்லவா அர்த்தமாகிறது? ஆபத்தான, உடலை வருத்தும் வேலைக்குக் கூடுதல் கொடுப்பது வேறு. அதை அவரும் மறுக்கவில்லை. ஊக்கத்தொகையை ரால்ஸ் ஏற்றவர் என்பது உண்மை. இந்த இடத்தில் நான் கோஹன் பக்கம்.

சோவியத்தை இழுப்பவர்களுக்கு ஒரே வரி: எல்லோருக்கும் சமமாகக் கொடு என்று நானும் கேட்கவில்லை, ரால்ஸும் கேட்கவில்லை.

அடிப்படை உரிமைகளும் நியாயமான வாய்ப்புச் சமத்துவமும் இந்தக் கொள்கைக்கு முன்னால் வருகின்றன. பள்ளிக்கூட வாசலிலேயே ஒருவரை நிறுத்திவிட்டு, பிறகு சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்ட முடியாது. மேடையில் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

"உங்கம்மாவுக்கு வேலை கொடுத்தார்களே, நன்றி வேண்டாமா" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வலித்தது. அந்த மில் ஓடியதே அம்மா போன்றவர்கள் கையால்தான். சேர்ந்து உழைத்தவர் தன் பங்கைக் கேட்கிறார், ஐயா. அதைத் தானம் என்று எழுதாதீர்கள்.