காது மந்தமானவரிடம் கத்திப் பேசாதீர்கள்

வீட்டில் பெரியவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமானதும் சுற்றி இருப்பவர்கள் கத்தத் தொடங்கிவிடுகிறார்கள். பாசத்தில்தான் கத்துகிறார்கள். ஆனால் அதனால் பயன் இல்லை.

எங்கள் பெரியம்மா அடிக்கடி சொல்வார்: "நீ பேசுறது கேக்குது, என்ன பேசுறேன்னுதான் புரியல." அது சாக்கு அல்ல. வயதால் வரும் காது மந்தத்தில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ட போன்றவற்றின் கூர்மைதான் மழுங்கிவிடுகிறது. கத்தினால் உயிரொலி இன்னும் பெரிதாகி மெய்யை அமுக்கிவிடும். அதோடு, சிறு சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் வலிக்கவும் செய்யும். "ஏன் இப்படிக் கத்துற?" என்று அவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான்.

நாளைக்குப் பத்து மணிக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டும். இதை எப்படிச் சொல்லலாம்? முதலில் மிக்ஸியையும் டிவியையும் நிறுத்துங்கள். அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்காமல் கிட்டே போய், எதிரில் இருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், அதனால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். உங்களைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

"பெரியம்மா, கண் டாக்டர் விஷயம்." கொஞ்சம் நிறுத்துங்கள். "நாளைக்குக் காலையில போறோம்." மறுபடி நிறுத்தம். "பத்து மணிக்கு."

விஷயத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். க உள்ளே பிறப்பதால் வெளியே தெரியவே தெரியாது. பேச்சு எதைப் பற்றி என்று தெரிந்தால் விட்டுப்போனதை மனசு நிரப்பிக்கொள்ளும்.

மெதுவாக என்றால் "நா...ளைக்...குக் கா...லை..." என்று எழுத்தெழுத்தாக இழுப்பதல்ல. அப்படி இழுத்தால் சொல்லின் வடிவமே குலைந்துவிடும். சொற்களை இயல்பாகச் சொல்லி, தொடருக்குத் தொடர் இடைவெளி விட்டால் போதும்.

பத்து என்றது எட்டு என்று கேட்டிருந்தால், அதையே மூன்று தடவை சொல்லாதீர்கள். "டிபன் சாப்பிட்டுட்டு, பத்து மணிக்கு" என்று மாற்றிச் சொல்லி, பத்து விரலையும் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்றும் கேட்க வேண்டாம். சங்கடத்தில் தலையாட்டிவிடுவார்கள். "எத்தனை மணிக்கு ரெடியா இருப்பீங்க?" என்று கேட்டால் எட்டா, பத்தா என்பது தெரிந்துவிடும்.

ஒன்று முக்கியம். மெல்ல மெல்ல வரும் மந்தம் வேறு. ஓரிரு நாளில் திடீரென ஒரு காது அடைத்து, கேட்காமல் போனால் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாள் தள்ளினால் கேள்திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.

அப்புறம், எல்லோரும் சிரிக்கும்போது "என்னடா?" என்று கேட்பவரிடம் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் பக்கம் திரும்பி, சுருக்கமாகவாவது சொல்லுங்கள். அவரும் சேர்ந்து சிரிக்கட்டும்.